படத்தில் ஒரு றெக்கை மட்டும் வெளுப்பு: ஆடும் சீலிங் ஃபேன் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

படத்தில் இருப்பது சாதாரண 1200 மில்லிமீட்டர் சீலிங் ஃபேன். மூன்று அலுமினிய றெக்கை, வெள்ளை நிறம், ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான ராடு, காங்கிரீட் கூரையில் பதித்த கொக்கி. கோபிசெட்டிபாளையத்தில் என் அக்கா வீட்டுப் படுக்கையறை அது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டிலில் படுத்தபடி எடுத்து, அக்கா மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கூடவே குரல் பதிவு: “மாமா, அஞ்சுல வச்சா ஃபேன் பயங்கரமா ஆடுதுங்க. படத்தப் பாருங்க, றெக்கை மூணும் வளைஞ்சு போயிருக்குது. கன்டென்சர் போயிருக்கும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. ஒயர்மேனக் கூப்படறதுக்கு முன்னால நாங்க என்ன பாக்கோணும்னு சொல்லுங்க.”

நான் கோவையில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு மோட்டாருக்கு நடுவே ஃபேனும் நிறைய வரும். ஆடுகிறது என்று கழற்றிக்கொண்டு வருகிற ஃபேன்களில் பலவற்றைக் கழற்றியே இருக்க வேண்டியதில்லை. மோட்டாரிலோ வைண்டிங்கிலோ குறை இருக்காது. றெக்கை மாட்டியதிலோ தொங்கவிட்டதிலோதான் இருக்கும். கழற்றி எடுத்து வந்தால் அந்த இரண்டு தடயமும் வீட்டிலேயே போய்விடுகின்றன. அதனால்தான் படத்தை வைத்துப் பேசுவது எனக்கு நல்லதாகப் படுகிறது. ஆனால் எந்தப் படம் என்பது முக்கியம்.

அவள் அனுப்பிய முதல் படத்தில் றெக்கை மூன்றும் அரிவாள் போல வளைந்து தெரிந்தன. அது ஃபேனின் குறையல்ல. போன் கேமரா ஒரு படத்தை மொத்தமாக ஒரே கணத்தில் பிடிப்பதில்லை. ஒரு ஓரத்தில் தொடங்கி வரிசை வரிசையாக எதிர் ஓரம் வரை படித்துக்கொண்டு போகிறது. கடைசி வரிசையைப் படிப்பதற்குள் ஓடுகிற றெக்கை கொஞ்சம் நகர்ந்துவிடும். நேரான றெக்கை அதனால்தான் வளைந்து பதிகிறது. வெளிச்சம் குறைவாக இருந்தால் மங்கலும் சேரும். ஓடும் ஃபேனின் படத்தை வைத்துக்கொண்டு றெக்கை வளைந்ததா என்று சொல்லவே முடியாது. கன்டென்சரையும் ஒதுக்கிவிடலாம். அது வலுவிழந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், கிளம்பத் திணறும், சிலநேரம் ஹம்மென்று இரையும். ஆட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஃபேனை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கச் சொன்னேன். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, எம்.சி.பி.யையும் இறக்கிவிட வேண்டும். பழைய வீடுகளில் சில இடங்களில் சுவிட்ச், ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கும். அணைத்தாலும் மேலே ஒயரில் கரண்ட் இருக்கும். அப்புறம் படம் எடுக்கும் முறை: ஒரே இடத்தில் நின்றுகொள்ள வேண்டும், ஜன்னல் பக்கம் என்று ஒரு திசையை வைத்துக்கொண்டு, கையால் மெதுவாகத் திருப்பி ஒவ்வொரு றெக்கையையும் அந்த ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து ஒரு படம். மூன்று றெக்கைக்கு மூன்று படம். இன்னொரு படம் ராடும் கூரையும் சேரும் இடத்தை ஜூம் செய்து. எல்லாவற்றுக்கும் ஃபிளாஷ் போடாமல் பகல் வெளிச்சம்.

ஒரே இடம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜன்னல் பக்கம் இருக்கும் றெக்கையில் வெளிச்சம் அதிகம் விழும், சுவர்ப்பக்கம் இருப்பது இருட்டாகத் தெரியும். ஒரே படத்தில் மூன்றையும் ஒப்பிட்டால் வேறுபாடு றெக்கையிலா வெளிச்சத்திலா என்று பிரிக்க முடியாது. இடத்தையும் வெளிச்சத்தையும் மாற்றாமல் றெக்கையை மட்டும் மாற்றினால், படத்தில் எது மாறுகிறதோ அது றெக்கையின் சொந்த வேறுபாடு.

அந்தப் படங்கள் வந்ததும் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, இரண்டு றெக்கை லேசான பழுப்பேறிய வெள்ளை. மூன்றாவது மட்டும் பளிச்சென்ற வெள்ளை. முதல் படத்திலேயே இது இருந்தது, வெளிச்சம் என்று நினைத்து அவள் விட்டிருந்தாள். இன்னொன்று, மேலே கொக்கியை மூட வேண்டிய கப் இரண்டு அங்குலம் கீழே சரிந்து ராடில் நின்றது. அந்த இடைவெளியில் கொக்கி, அதில் மாட்டிய ரப்பர் புஷ், அதைப் பிடித்திருக்கும் கிளாம்பு, கிளாம்பின் போல்ட் எல்லாம் தெரிந்தன. போல்ட்டின் நட்டுக்கு வெளியே ஸ்பிளிட் பின் செருகியிருந்தது. ஆனால் அதன் இரண்டு காலும் விரிக்கப்படாமல் நேராக இருந்தன.

உடனே கூப்பிட்டு, “அம்மிணி, ஒயர்மேன் வந்து பாக்கற வரைக்கும் அந்த ஃபேனப் போட வேண்டாம்” என்று சொன்னேன். “அப்ப ஆடறதுக்கு அதுதான் காரணமுங்களா?” என்று கேட்டாள். இல்லை. பின் ஆட்டத்துக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் ஆட்டம் அந்தப் பின்னைக் கழற்றிவிடும். ஃபேன் ஆட ஆட நட்டு மெல்ல மெல்லத் திரும்பி இளகும். அப்படி இளகும் நட்டு வெளியே வந்துவிடாமல் தடுப்பதற்குத்தான் ஸ்பிளிட் பின். காலை விரிக்காத பின் அதிர்வில் உருவிக்கொண்டு விழலாம். பின் போய், நட்டு போய், போல்ட்டும் நகர்ந்தால் நான்கு கிலோ ஃபேன் கட்டில் மேல்தான் இறங்கும். புதிய ஃபேன்களில் பாதுகாப்புக்காக ஒரு இரும்புக் கேபிளைக் கூரையோடு சேர்த்துக் கட்டும் வசதி வருகிறது. இதில் அது இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு ஆட்டம்தான் பயமாகத் தெரிந்தது, படத்தில் எனக்குப் பயம் தந்தது அசையாமல் இருந்த அந்தச் சின்னக் கம்பி.

ஒயர்மேன் வருவதற்கு இரண்டு நாள் ஆகும் என்றார்கள். பின்னும் கொக்கியும் அவர் வேலை. ஆட்டத்தின் காரணத்தைத் தேட அவர் தேவையில்லை, ஃபேன் ஓடவும் தேவையில்லை. அதற்குள் அதைச் செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

எப்போதிலிருந்து ஆடுகிறது என்று கேட்டேன். “மாசி பொறந்து வெயில் ஏறுனப்பறந்தானுங்க.” அதற்கு முன்னால் போட்டார்களா? மார்கழி, தை குளிரில் அந்தப் பக்கம் யாரும் ஃபேனை ஐந்தில் வைப்பதில்லை. பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பெயின்ட் அடிக்க வந்தவர்கள் கப்பை இறக்கிவிட்டு, ஹால் ஃபேன், படுக்கையறை ஃபேன் இரண்டின் றெக்கைகளையும் கழற்றி, ஒன்றாக அடுக்கி, கழுவி, திரும்ப மாட்டியிருக்கிறார்கள். ஹால் ஃபேன் சில வருஷம் பிந்தி வாங்கியது, வேறு மாடல். திருகு ஓட்டைகள் இரண்டுக்கும் ஒத்துப்போனதால் எது எதிலும் பொருந்தும். பழுப்பு இரண்டு, வெளுப்பு ஒன்று என்ற கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் நிறம் ஒரு சந்தேகம்தான், சான்று ஆகாது. ஒரே ஃபேனின் றெக்கைகளில் ஒன்று மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவப்பட்டிருக்கலாம்.

அதனால் முதலில் நுனியின் உயரத்தை அளக்கச் சொன்னேன். உறுதியான ஏணி, கீழே பிடித்துக்கொள்ள ஒரு ஆள். நாற்காலி மேல் ஸ்டூல் போடுகிற வேலை கூடாது. கூரையில் பென்சிலால் ஒரு புள்ளி, அதிலிருந்து டேப்பை நேர்கீழாக விட்டு றெக்கையின் நுனி விளிம்பு வரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு றெக்கையையும் அதே புள்ளிக்குக் கீழே கொண்டுவந்து, ஃபேன் அசைவு அடங்கியபின் அளக்க வேண்டும். கூரை கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் ஒரே புள்ளி என்பதால் கணக்கில் வராது. மூன்றுக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே பழுப்பு றெக்கை ஒன்றைவிட மற்றது 5 மில்லிமீட்டர் தாழ்வு, வெளுத்தது 11 மில்லிமீட்டர் தாழ்வு.

றெக்கை தாழ்ந்தாலே வளைந்துவிட்டது என்று பிடித்து மேலே இழுத்து நிமிர்த்துபவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். சீலிங் ஃபேன் கொக்கியில் தாராளமாகத் தொங்குகிறது. எந்தப் பக்கம் எடை கூடுதலோ அந்தப் பக்கம் ஃபேனே லேசாகச் சாயும். அந்தச் சாய்வு றெக்கையோடு சேர்ந்தே திரும்புவதால், ஒரே புள்ளியில் அளந்தாலும் அது அளவில் வந்துவிடும். ஆக, தாழ்ந்த நுனி மூன்றில் ஒன்றைச் சொல்கிறது: றெக்கையோ அதன் அடியில் ரிவிட் அடித்த இரும்புக் கையோ வளைந்திருக்கலாம், கை மோட்டாரில் சரியாக உட்காராமல் இருக்கலாம், அல்லது அந்த றெக்கைக்கு எடை கூடுதலாக இருக்கலாம். எது என்று பார்க்காமல் நிமிர்த்தினால் நல்ல றெக்கையும் கெட்டுப்போகும்.

எடையைப் பார்க்க வீட்டிலேயே வழி இருந்தது. அக்கா பலகாரம் செய்து விற்பவர். கிராம் காட்டும் எலக்ட்ரானிக் தராசு சமையலறையில் இருக்கிறது. றெக்கைகளைக் கழற்றச் சொன்னேன். இதில் ஒயரைத் தொட வேண்டியதே இல்லை. மோட்டாரின் உடலில் றெக்கைக்கு இரண்டு மூன்று திருகு, அவ்வளவுதான். கழற்றுவதற்கு முன்னால் றெக்கைக்கும் அது இருந்த இடத்துக்கும் மார்க்கரால் 1, 2, 3 என்று குறிக்க வேண்டும். வாஷர்களைத் தனித்தனிக் கிண்ணத்தில் போட வேண்டும். கழற்றும்போது ஃபேன் ஒரு பக்கம் சாயும், அதனால் மச்சான் அடியில் நின்று மோட்டாரைத் தாங்கிக்கொண்டார். துடைத்துவிட்டு எடை போட்டார்கள்: 312 கிராம், 313 கிராம், 331 கிராம். வெளுத்த றெக்கைதான் 331.

18 கிராம் பெரிய வித்தியாசமா என்று அக்கா கேட்டார். நிற்கும்போது இல்லை. ஐந்தில் ஓடும்போது இப்படிப்பட்ட ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றும், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 6 சுற்று. அந்த 18 கிராம் மையத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், அது வெளிப்பக்கம் இழுக்கிற விசை சுமார் 800 கிராம் எடைக்குச் சமம். அந்த இழுப்பு ஒரே திசையில் நிற்காமல் றெக்கையோடு சேர்ந்து சுற்றி, ஃபேனை எல்லாப் பக்கமும் இழுக்கிறது. வீட்டில் பார்த்த ஆட்டம் அதுதான். வேகம் பாதியானால் இந்த இழுப்பு பாதியாவதில்லை, கால்வாசியாகிறது, 200 கிராம்தான். இரண்டில் வைத்தால் ஆட்டம் தெரியாமல் ஐந்தில் வைத்ததும் பயமுறுத்துவது இதனால்தான். ரெகுலேட்டரில் கோளாறு என்று பலர் முடிவு கட்டுவதும் இதைப் பார்த்துத்தான்.

எடை தவிர இன்னொரு வேறுபாடும் உண்டு. வேறு மாடல் றெக்கை முறுக்கியிருக்கும் கோணம் வேறாக இருக்கலாம். அது காற்றைக் கூடுதலாகவோ குறைவாகவோ தள்ளும். மூன்று றெக்கையும் ஒரே அளவு காற்றைத் தள்ளினால் மேல்நோக்கிய எதிர்விசையும் சமமாக இருக்கும். ஒன்று மட்டும் மாறினால் ஃபேனின் ஒரு பக்கம் மட்டும் தூக்கப்பட்டு, அந்தப் பக்கமும் சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத் தராசு காட்டாது. அதனால்தான் எடையை மட்டும் சமப்படுத்திவிட்டு வேறு மாடல் றெக்கையையே வைத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. கம்பெனியிலிருந்து மூன்று றெக்கையும் எடை பார்த்து ஒரு செட்டாகத்தான் வருகிறது. ஒன்று கெட்டால் மூன்றையும் மாற்றுவதுதான் சரி.

ஹால் ஃபேனையும் நிறுத்திப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடி அங்கே இரண்டு வெளுப்பு, ஒரு பழுப்பு. அந்தப் பழுப்பு றெக்கையைக் கழற்றி எடை போட்டால் 312 கிராம். அதே கோளாறு ஹாலிலும் இருந்திருக்கிறது. அங்கே எப்போதும் இரண்டிலேயே ஓடுவதால் யார் கண்ணிலும் படவில்லை. றெக்கைகளை அதனதன் ஃபேனுக்கு மாற்றினார்கள்.

திரும்ப மாட்டுமுன் இரும்புக் கை உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். 5 மில்லிமீட்டர் தாழ்ந்த பழுப்பு றெக்கைக்கு இன்னும் விடை கிடைக்கவில்லையே. அதன் கைக்கு அடியில், மோட்டார் உடலில் காய்ந்த பெயின்ட் பொருக்கு ஒன்று ஒட்டியிருந்தது. தடிமன் அரை மில்லிமீட்டர் கூட இருக்குமா என்று சந்தேகம். ஆனால் கை உட்காரும் இடம் ஐந்தாறு சென்டிமீட்டர், றெக்கை அதைப்போல் பத்து மடங்கு நீளம். அடியில் அரை மில்லிமீட்டர் சாய்ந்தால் நுனியில் 5 மில்லிமீட்டர் காட்டும். நகத்தால் சுரண்டி எடுத்து, துணியால் துடைத்து, வாஷரோடு திருகை மாட்டினார்கள். ஒரே திருகை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், எல்லாவற்றையும் விரலால் திருகி நிறுத்தி, பிறகு மாறி மாறி இறுக்க வேண்டும். மறுபடி அளந்தபோது மூன்று நுனியும் 2 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டன.

இவ்வளவும் ஓட்டாமலேயே. ஒயர்மேனிடம் இனி “ஃபேன் ஆடுது, பாருங்க” என்று பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை. கிளாம்பு போல்ட்டின் பின் விரியவில்லை, ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள் என்று வேலையைப் பிரித்துச் சொல்ல முடிந்தது. அவர் வந்து மோட்டாரின் உடலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பார்த்தார். ராடு அசையாமல் மோட்டார் மட்டும் லொடலொடவென்று ஆடினால், ராடின் கீழ்முனை போல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பேரிங் என்றால் கையால் சுற்றும்போது கரகரவென்று சத்தமும் சேரும். அப்போதுதான் ஃபேன் பட்டறைக்கு வர வேண்டும். இதில் அப்படி இல்லை. மேலே ரப்பர் புஷ் கெட்டிப்பட்டு ஒரு பக்கம் வெடித்திருந்தது. புதுப் புஷ் போட்டு, நட்டை இறுக்கி, புதுப் பின் செருகி இரண்டு காலையும் எதிரெதிராக வளைத்துவிட்டார். கொக்கியில் துரு மேலோட்டமாகத்தான் இருந்தது.

கொக்கி துருவில் மெலிந்திருந்தாலோ, கொக்கியைச் சுற்றிக் கூரைப் பூச்சு வெடித்திருந்தாலோ, ஒயரின் மேலுறை கப்பில் உரசிக் கிழிந்திருந்தாலோ, றெக்கை அளவுகளுக்கெல்லாம் போக வேண்டாம். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். கப்புக்குக் கீழே இருப்பதை வீட்டில் பார்க்கலாம்; கப்புக்கு மேலே இருப்பதைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஃபேனை ஒன்றில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள். ஐந்தில் வைத்தபோது ராடு மிக லேசாக நடுங்கியது, முன்போலப் பெரிதாக அசையவில்லை. அதையும் நிறுத்த முடியுமா என்று மச்சான் கேட்டார். ஒரு ரூபாய் நாணயத்தை றெக்கையின் மேற்பக்கம் நடுவில் டேப்பால் அழுத்தி ஒட்டி, ஒவ்வொரு றெக்கையாக மாற்றிப் பார்த்து, எதில் நடுக்கம் குறைகிறது என்று கண்டுபிடிக்கலாம். இந்த அளவுக்கு அது தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். தொங்குகிற ஃபேன் கொஞ்சம் அசையத்தான் செய்யும். ரப்பர் புஷ் வைத்திருப்பதே அந்த அசைவு கூரைக்குப் போகாமல் இருக்கத்தான். கப்புக்குள் அட்டையோ துணியோ திணித்து ராடை அசையவிடாமல் செய்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதே இழுப்பு கொக்கிக்கும் போல்ட்டுக்கும் நேராகப் போகும்.

ஹால் ஃபேனையும் ஐந்தில் ஓட்டிப் பார்த்தார்கள், ஆட்டம் இல்லை. ஒயர்மேன் இருக்கும்போதே அதன் கப்பையும் இறக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். அங்கே பின்னின் கால்கள் விரிந்தே இருந்தன.